கையெழுத்துக்கு முன்னால் ஒரு கேள்வி

வீட்டில் ஒருவர் பெரிய நோயில் விழுந்து, ஆஸ்பத்திரி வாசம் முடிந்த பிறகு, அவர் பிழைத்து வந்திருந்தாலும் சரி, போய்ச் சேர்ந்திருந்தாலும் சரி, அந்த வீட்டில் சில கேள்விகள் தங்கிவிடுகின்றன. இன்னொரு டாக்டரிடம் காட்டியிருக்கலாமோ? அந்த ஆபரேஷனுக்குச் சம்மதித்திருக்கக் கூடாதோ? வென்டிலேட்டர் வைக்கலாமா என்று கேட்டபோது ஏன் யோசிக்காமல் தலையாட்டினோம்? சுற்றத்தார் "விதி" என்பார்கள், "நம்மால் ஆனதையெல்லாம் செய்தோம்" என்பார்கள். அந்த ஆறுதல் பகலில் போதுமானதாக இருக்கும், இரவில் போதாது.

இப்படிப்பட்ட கேள்விகளோடு இருப்பவர்களுக்கு உதவக்கூடிய சில புத்தகங்கள் உண்டு. அவற்றை எழுதியவர்கள் மருத்துவர்களே. தங்கள் தொழிலில் முடிவுகள் எப்படி உருவாகின்றன, எங்கே பிசகுகின்றன என்பதைப் பொது வாசகருக்குப் புரியும்படி எழுதியிருக்கிறார்கள். ஆங்கிலப் புத்தகங்கள்தான் என்றாலும், மருத்துவப் படிப்பு தேவையில்லை. நிதானமாகப் படிக்கத் தெரிந்தால் போதும்.

இவற்றைப் படித்ததில் எனக்குப் பிடிபட்டது ஒரு விஷயம். சிகிச்சை முடிவு என்று நாம் ஒற்றையாகச் சொல்வதற்குள் இரண்டு விடைகள் இருக்கின்றன. இந்த உடம்புக்கு என்ன ஆகியிருக்கிறது, இதைச் செய்தால் என்ன ஆகும் என்பது முதல் விடை. அதை மருத்துவர் சொல்ல வேண்டும். இந்த மனிதருக்கு எது பொறுக்கும், எது பொறுக்காது என்பது இரண்டாவது. அது நோயாளிக்கு மட்டுமே தெரியும். யாராவது கேட்டால்தான் வெளியே வரும். வீட்டில் தங்கிவிடும் கேள்விகள் பெரும்பாலும் முதல் விடையைச் சுற்றியே சுழல்கின்றன: டாக்டர் சரியாகக் கண்டுபிடித்தாரா? ஆனால் ஆறாத வருத்தம் பலருக்கு இரண்டாவது இடத்தில்தான் இருக்கிறது. அந்தக் கேள்வியை யாரும் கேட்கவே இல்லை.

முதல் விடையிலிருந்தே தொடங்கலாம். அதற்கு ஜெரோம் குரூப்மன் 2007இல் வெளியிட்ட 'ஹவ் டாக்டர்ஸ் திங்க்' என்ற புத்தகத்தைவிட நல்லதொன்றை நான் படித்ததில்லை. குரூப்மன் ஹார்வர்ட் மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர். ரத்த நோய்களிலும் புற்றுநோயிலும் நிபுணர். புத்தகத்தின் தொடக்கத்திலேயே ஒரு பெண்ணின் கதையைச் சொல்கிறார். இருபது வயதை ஒட்டி அவருக்குச் சாப்பாடு ஒத்துக்கொள்ளாமல் போகிறது. வயிற்று வலி, குமட்டல், வாந்தி. உண்ண மறுக்கும் மனநோய் என்று மருத்துவர்கள் முடிவு கட்டுகிறார்கள். அதன்பின் பதினைந்து ஆண்டுகளில் ஏறத்தாழ முப்பது மருத்துவர்கள் அவரைப் பார்க்கிறார்கள். ரத்தம் குறைகிறது, எலும்பு தேய்கிறது, எடை 82 பவுண்டுக்கு, அதாவது சுமார் 37 கிலோவுக்கு, இறங்கிவிடுகிறது. எடை கூட வேண்டும் என்று ஒரு நாளைக்கு 3,000 கலோரி சாப்பிடச் சொல்கிறார்கள். பாஸ்தா, தானிய உணவு என்று கோதுமை சார்ந்தவையே அதில் அதிகம். அவர் சொன்னபடி சாப்பிடுகிறேன் என்கிறார். மருத்துவர்கள் நம்பவில்லை. மனநோயாளி பொய் சொல்லக்கூடும் என்பது அவர்கள் எண்ணம்.

2004 டிசம்பர் கடைசியில் அவர் பாஸ்டன் நகரில் மைரன் ஃபால்ச்சக் என்ற குடல் நோய் மருத்துவரிடம் போகிறார். மேஜைமேல் அவருடைய பழைய ரிப்போர்ட்டுகள் கட்டாகக் கிடக்கின்றன. ஃபால்ச்சக் அந்தக் கட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, உடம்பு முதன்முதலில் சரியில்லாமல் போன நாளிலிருந்து உங்கள் வாயாலேயே சொல்லுங்கள் என்கிறார். கேட்டு முடித்ததும் ரத்தப் பரிசோதனை, எண்டோஸ்கோபி, சிறுகுடலிலிருந்து திசு எடுத்துப் பரிசோதனை. முடிவு சீலியாக் நோய். கோதுமையில் உள்ள குளூட்டன் என்ற புரதத்தை ஏற்காமல், உணவை உறிஞ்ச வேண்டிய குடற்சுவரே சிதையும் நோய் அது. பதினைந்து ஆண்டுகளாக அந்தப் பெண் உண்மையைத்தான் சொல்லிவந்திருக்கிறார். எடை கூடுவதற்கென்று கொடுத்த கோதுமையே அவரை உருக்கிக்கொண்டிருந்தது.

அந்த முப்பது பேரும் படிக்காதவர்களோ பொறுப்பற்றவர்களோ அல்லர் என்பதுதான் இந்தக் கதையில் கவனிக்க வேண்டியது. முதல் மருத்துவர் ஒரு பெயரை எழுதினார். அடுத்தவர் அந்தப் பெயரிலிருந்து யோசிக்கத் தொடங்கினார். அதற்குப் பொருந்தியவை கண்ணில் பட்டன, பொருந்தாதவை நழுவின. மூன்றாமவரிடம் போகும்போது கோப்பு இன்னும் கனத்திருந்தது, நம்பிக்கையும் கூடவே கனத்திருந்தது. முதலில் பிடித்த எண்ணத்தில் மனம் நங்கூரம் போட்டுக்கொள்வதும், போதும் என்று தேடலை முன்கூட்டியே மூடிவிடுவதும் மனித மூளையின் பழக்கம் என்கிறார் குரூப்மன். நேரம் குறைவாகவும் ஆட்கள் அதிகமாகவும் இருக்கும் இடத்தில் இந்தப் பழக்கம் மருத்துவருக்குத் தேவையாகவும் இருக்கிறது. அது இல்லாமல் ஒரு காஷுவாலிட்டியை நடத்த முடியாது. ஆபத்தும் அங்கேயே இருக்கிறது.

இதைவிட என்னைப் பாதித்தது அதே புத்தகத்தில் குரூப்மன் தன்னைப் பற்றிச் சொல்லும் ஒரு சம்பவம். அவர் இளம் மருத்துவராக இருந்தபோது, எலும்புப் புற்றுநோய்க்குக் கீமோ எடுத்துக்கொண்டிருந்த ஒருவர் மீது அவருக்குத் தனிப் பிரியம். நோயாளிக்குக் காய்ச்சல். கீமோவால் வெள்ளணுக்கள் குறைந்திருக்கும்போது காய்ச்சல் வந்தால் உடம்பில் ஓர் இடம் விடாமல், பிட்டப் பகுதி உட்பட, புரட்டிப் பார்க்க வேண்டும் என்பது விதி. நோயாளி களைத்துக் கிடந்தார். அவரைத் தொந்தரவு செய்ய மனமில்லாமல் குரூப்மன் அந்தப் பகுதியைப் பார்க்காமல் விட்டார். அங்கே சீழ்க்கட்டி இருந்தது. நோயாளி உயிருக்கே ஆபத்தான நிலைக்குப் போய் மீண்டார். வெறுப்பு மட்டுமல்ல, அன்பும் மருத்துவரின் கண்ணை மறைக்கும் என்பதற்கு இதைவிடத் தெளிவான சாட்சியம் கிடைக்காது. டாக்டருக்கு நம்மைப் பிடித்துப்போனால் போதும், நன்றாகப் பார்த்துக்கொள்வார் என்று நம்புகிறவர்கள் இந்த அத்தியாயத்தை அவசியம் படிக்க வேண்டும்.

நோயாளியும் குடும்பமும் செய்யக்கூடியதாகக் குரூப்மன் சொல்வது எளிமையானது. இது வேறு என்னவாக இருக்கலாம் என்று கேட்கலாம். நீங்கள் சொல்லும் நோய்க்குப் பொருந்தாத எதுவும் ரிப்போர்ட்டில் இருக்கிறதா என்று கேட்கலாம். ஒரே நேரத்தில் இரண்டு கோளாறுகள் இருக்க வாய்ப்புண்டா என்று கேட்கலாம். இவை மருத்துவரைச் சந்தேகிக்கும் கேள்விகள் அல்ல. மூடிய தேடலை ஒரு நிமிடம் திறக்கச் சொல்பவை.

நோயின் பெயர் சரியாகக் கிடைத்துவிட்டால் அடுத்தது, இனி என்ன ஆகும் என்ற கணிப்பு. இங்கேயும் மருத்துவர்கள் தடுமாறுகிறார்கள், அதுவும் ஒரே திசையில். நிக்கலஸ் கிறிஸ்டாகிஸ், எலிசபெத் லமான்ட் என்ற இருவரின் ஆய்வு 2000ஆம் ஆண்டு பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் வந்தது. குணப்படுத்த முடியாத கட்டத்தை அடைந்த 468 நோயாளிகள் இன்னும் எவ்வளவு காலம் இருப்பார்கள் என்று அவர்களுடைய மருத்துவர்களிடமே கேட்டார்கள். சரியாகச் சொன்னவை ஐந்தில் ஒன்றுதான். 63 சதவீதக் கணிப்புகள் உண்மையைவிட நீண்ட ஆயுளைச் சொன்னவை. சராசரியாகப் பார்த்தால் மருத்துவர்கள் சொன்ன காலம் நடந்ததைப் போல ஐந்து மடங்குக்கும் மேல். நோயாளியை நெடுநாள் அறிந்த மருத்துவரின் கணிப்பு கூடுதலாகத் தவறியது. "இன்னும் ஒரு வருஷம் இருப்பார்னு சொன்னாரே" என்று குமுறும் குடும்பங்கள் தாங்கள் ஏமாற்றப்பட்டதாக நினைக்கின்றன. பெரும்பாலும் அந்த மருத்துவரும் அதை நம்பியே சொன்னார்.

இந்த நிச்சயமின்மையை ஏன் மருத்துவர்கள் வாய்விட்டுச் சொல்வதில்லை? யேல் பல்கலைக்கழகத்தில் சட்டம் கற்பித்த மனநல மருத்துவர் ஜே காட்ஸ் 1984இல் எழுதிய 'த சைலன்ட் வேர்ல்ட் ஆஃப் டாக்டர் அண்ட் பேஷன்ட்' இந்தக் கேள்வியை மட்டுமே எடுத்துக்கொண்டு பேசும் நூல். தனக்குத் தெரியாததை மருத்துவர் நோயாளியிடம் மறைப்பது பெரும்பாலும் கருணையின் பேரில் நடக்கிறது. ஆனால் அதன் விளைவாக நோயாளி தன் வாழ்க்கையைப் பற்றிய முடிவிலிருந்தே வெளியேற்றப்படுகிறார் என்பது அவர் வாதம். கனமான புத்தகம். முதலில் இதை எடுக்க வேண்டாம்.

இரண்டாவது விடைக்கு வருகிறேன். இங்கே நான் கையில் கொடுப்பது அதுல் கவாண்டே 2014இல் எழுதிய 'பீயிங் மார்ட்டல்'. கவாண்டே பாஸ்டனில் அறுவை மருத்துவராகப் பணியாற்றியவர். அவருடைய தந்தை ஆத்மாராம் கவாண்டே மகாராஷ்டிரத்தின் ஒரு கிராமத்தில் பிறந்து, அமெரிக்காவில் ஒஹையோ மாநிலத்தின் ஏதன்ஸ் என்ற சிற்றூரில் சிறுநீரக அறுவை மருத்துவராக வாழ்ந்தவர். தாயும் மருத்துவர். மூவரும் மருத்துவர்களாக இருக்கும் வீட்டிலேயே முடிவெடுப்பது இவ்வளவு கடினம் என்றால், நம் வீடுகளைப் பற்றிக் கேட்கவே வேண்டாம்.

தந்தைக்கு எழுபது வயது கடந்த நிலையில் கழுத்து வலி, இடது கை விரல்களில் மரமரப்பு. 2006இல் எம்ஆர்ஐ எடுத்தார்கள். தண்டுவடத்துக்குள்ளேயே ஒரு கட்டி, மூளையின் அடியிலிருந்து தோள்பட்டை எலும்பின் முனைவரை நீண்டு கிடந்தது. இரண்டு அறுவை மருத்துவர்களைப் பார்த்தார்கள். இருவரும் திறமைசாலிகள், இருவரிடமும் இருந்த படமும் ஒன்றே.

பாஸ்டனில் பார்த்தவர் உடனே ஆபரேஷன் செய்ய வேண்டும் என்றார். தள்ளிப்போட்டால் கைகால் செயலிழந்துபோகும் அபாயம் உண்டு என்றார். தந்தை தானே அறுவை மருத்துவர் ஆயிற்றே, கேள்விமேல் கேள்வி கேட்டார். எந்தக் கருவியால் வெட்டுவீர்கள், எந்தப் பக்கமிருந்து போவீர்கள் என்றெல்லாம். ஒரு கட்டத்துக்குமேல் அந்த மருத்துவருக்குப் பொறுமை போய்விட்டது. எனக்குத் தெரியும், நான் சொல்கிறேன் என்ற தோரணை வந்துவிட்டது.

கிளீவ்லேண்ட் கிளினிக்கில் எட்வர்ட் பென்சல் என்பவரும் ஆபரேஷன் செய்யலாம் என்றே சொன்னார். ஆனால் அவர் நாற்காலியைத் திருப்பி உட்கார்ந்து, கேட்ட கேள்விக்கெல்லாம் பதில் சொல்லி, திரும்பக் கேள்வியும் கேட்டார். உங்களுக்கு எதைப் பற்றிக் கவலை? தந்தையின் பதிலிலிருந்து அவர் ஒன்றைக் கண்டுகொண்டார். இந்த மனிதர் கட்டியைவிட ஆபரேஷனுக்கே அதிகம் பயப்படுகிறார். கைகள் போய்விட்டால் தொழில் போகும், அவர் நேசிக்கும் எல்லாம் போகும். கட்டி மெதுவாக வளரும் வகையாக இருக்கலாம். அறிகுறிகள் அதிகமாகும்வரை காத்திருக்கலாம் என்றார் பென்சல். தந்தை காத்திருந்தார். தொடர்ந்து வேலை பார்த்தார், ரோட்டரி சங்கப் பொறுப்பேற்று ஊர் ஊராகப் போனார். நல்ல ஆண்டுகள் சில அவருக்குக் கிடைத்தன.

ஸ்கேன் ஒன்று, கட்டி ஒன்று. இரண்டு மருத்துவர்களும் வெவ்வேறு ஆலோசனைக்கு வந்ததற்குக் காரணம் மருத்துவ அறிவில் இல்லை. பென்சல் இரண்டாவது விடையைக் கேட்டு வாங்கிக்கொண்டு பேசினார். மருத்துவருக்கும் நோயாளிக்கும் உள்ள உறவை எசக்கியேல் இமானுவேல், லிண்டா இமானுவேல் இருவரும் 1992இல் ஒரு கட்டுரையில் வகை பிரித்திருந்தார்கள். கவாண்டே அதை இங்கே பயன்படுத்துகிறார். 'நான் சொல்வதைச் செய்' என்பவர் பழைய குடும்ப டாக்டர். 'இது சிவப்பு மாத்திரை, இது நீல மாத்திரை, இவ்வளவு சதவீதம், நீங்களே முடிவு பண்ணுங்க' என்று விவரத்தைக் கொட்டிவிட்டு ஒதுங்குகிறவர் இன்றைய நிபுணர். மூன்றாமவர், உங்களுக்கு எது முக்கியம் என்று கேட்டு, அதற்கு எந்தச் சிகிச்சை ஒத்துவரும் என்று தன் கருத்தையும் சொல்கிறவர். தானே இரண்டாவது வகை மருத்துவராக இருந்துவந்ததாகக் கவாண்டே எழுதுகிறார். நம் ஊரில் கார்ப்பரேட் ஆஸ்பத்திரிகளில் இன்று முதல் வகையும் இரண்டாம் வகையும் ஒரே அறையில் கிடைக்கின்றன. தினசரிச் சிகிச்சையில் அவர் சொல்வதுதான் சட்டம். பெரிய, ஆபத்தான முடிவென்றால் மட்டும் "அட்டெண்டர்ஸ் நீங்க டிசைட் பண்ணுங்க".

காத்திருந்த ஆண்டுகளுக்குப் பிறகு கை கால்கள் வலுவிழக்கத் தொடங்கின. அப்போது மகன் தந்தையிடம் கேட்க வேண்டியதைக் கேட்டார். எதற்குப் பயப்படுகிறீர்கள்? எந்த நிலைமை வந்தால் போதும் என்று நினைப்பீர்கள்? முழுக்கப் பிறரைச் சார்ந்து படுத்துக் கிடப்பதைவிடச் சாவதே மேல் என்றார் தந்தை. கிளீவ்லேண்டில் ஆபரேஷன் தொடங்கியது. நடுவில் இதயத்துடிப்பு தாறுமாறாகி ரத்த அழுத்தம் இறங்கியது. சமாளித்த பின் பென்சல் வெளியே வந்து குடும்பத்தாரிடம் கேட்டார்: தொடரட்டுமா, நிறுத்தட்டுமா? கவாண்டே திருப்பிக் கேட்டார்: முடங்கிப்போகும் அபாயம் எதில் அதிகம், தொடர்வதிலா நிறுத்துவதிலா? நிறுத்துவதில் என்றார் பென்சல். அப்படியானால் தொடருங்கள். அந்த வராந்தாவில் முடிவெடுத்தது மகன் அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். தந்தை முன்பே எடுத்துவைத்திருந்த முடிவை மகன் எடுத்துச் சொன்னார், அவ்வளவுதான். இந்த வித்தியாசம் பின்னாளில் தூக்கத்தைத் தீர்மானிக்கிறது.

இந்தக் கேள்விகளைக் கவாண்டே கற்றுக்கொண்டது சூசன் பிளாக் என்ற நோய்த்தணிப்பு மருத்துவரிடம். அவருடைய சொந்தக் கதையும் புத்தகத்தில் இருக்கிறது. பெர்க்லியில் உளவியல் பேராசிரியராக இருந்த அவர் தந்தைக்கும் கழுத்தில், தண்டுவடத்தில் கட்டி. எடுத்தால் கைகால் முடங்க 20 சதவீத வாய்ப்பு. எடுக்காவிட்டால் முடங்குவது உறுதி. ஆபரேஷனுக்கு முந்தைய இரவு ஆஸ்பத்திரியை விட்டுக் கிளம்பிய பின்தான், அப்பாவுக்கு எது வேண்டும் என்பதே தனக்குத் தெரியாது என்று அவருக்கு உறைத்தது. பிறர் குடும்பங்களில் இதே பேச்சை நடத்துவதுதான் அவருடைய தொழில். திரும்பிப் போய்க் கேட்டார். தந்தை சொன்ன பதில் அவரை அதிர வைத்தது. சாக்லேட் ஐஸ்கிரீம் சாப்பிட்டுக்கொண்டு டிவியில் கால்பந்து பார்க்க முடியுமானால் உயிரோடு இருக்கத் தயார், அதற்காக எவ்வளவு வலியும் தாங்குவேன் என்றார். ஒரு பேராசிரியர் இப்படிச் சொல்வார் என்று மகள் எதிர்பார்க்கவில்லை. அவர் கால்பந்து பார்த்தே அவளுக்கு நினைவில்லை. ஆபரேஷனுக்குப் பின் உள்ளே ரத்தக்கசிவு. மறுபடி திறக்க வேண்டும், முடிவு சொல்ல மூன்று நிமிடம் என்றார்கள். பிழைத்தால் ஐஸ்கிரீம் சாப்பிட முடியுமா, டிவி பார்க்க முடியுமா என்று மகள் கேட்டார். முடியும் என்றார்கள். செய்யுங்கள் என்றார். அந்த மனிதர் மேலும் பத்தாண்டு வாழ்ந்தார், புத்தகங்கள் எழுதினார். அந்தப் பேச்சு நடந்திராவிட்டால் தன் ஊகத்தின்படி அன்றே அவரைப் போகவிட்டிருக்கக்கூடும் என்றும், அப்படிச் செய்திருந்தால் சீக்கிரமே கைவிட்டோமோ என்று தன்னையே வதைத்துக்கொண்டிருப்பேன் என்றும் மகள் சொல்லியிருக்கிறார்.

இரண்டாவது விடையைக் கேட்பது சிகிச்சையை நிறுத்துவதற்கான தந்திரம் என்று நம்மிடையே ஓர் அச்சம் உண்டு. பிளாக்கின் கதை அதற்கு நேர் எதிரானது. கேட்டதனால் சிகிச்சை தொடர்ந்தது.

கேட்டுத் திட்டமிட்டாலும் எல்லாம் திட்டப்படி போகாது என்பதையும் கவாண்டே மறைக்கவில்லை. தந்தையின் கடைசிக் கட்டத்தில், மறுபடி ஆஸ்பத்திரி வேண்டாம், வீட்டிலேயே பார்த்துக்கொள்வோம் என்று முடிவு செய்திருந்தார்கள். ஒரு நாள் காலை எழுப்பியும் அவர் எழவில்லை. தாய் பதறி ஆம்புலன்ஸை அழைத்துவிட்டார். ஆஸ்பத்திரியில் கண் விழித்த தந்தைக்கு வீட்டுக்குப் போக வேண்டும். 2011 ஆகஸ்டில் அவர் வீட்டில் காலமானார். அந்தத் தாயும் ஒரு மருத்துவர் என்பதை நினைத்துக்கொண்டால், பதற்றத்தில் ஆம்புலன்ஸை அழைத்த எவரும் தன்னை நொந்துகொள்ளத் தேவையில்லை.

இந்தப் புத்தகங்கள் நமக்கு முழுதும் பொருந்தாத இடங்களும் உண்டு. அமெரிக்காவில் நோயாளியிடம் முதலில் சொல்கிறார்கள். இங்கே டாக்டரைத் தனியாகப் பிடித்து, "சார், அம்மாகிட்ட கேன்சர்னு சொல்லிடாதீங்க, தாங்க மாட்டாங்க" என்று மகன் கேட்டுக்கொள்வான். டாக்டரும் ஒத்துக்கொள்வார். அன்பினால்தான். ஆனால் அம்மாவிடம் நோயையே சொல்லாதபோது, எது பொறுக்கும் எது பொறுக்காது என்று எப்படிக் கேட்பது? கையெழுத்தும் பல நேரம் அம்மாவிடம் வாங்குவதில்லை, மகனிடம் வாங்குகிறார்கள்.

சட்டம் இதை ஏற்கவில்லை. 2008இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்த சமீரா கோலி வழக்கில், பரிசோதனைக்கு மட்டும் சம்மதித்து மயக்கத்தில் இருந்த ஒரு பெண்ணின் கருப்பையையும் சினைப்பைகளையும், வெளியே காத்திருந்த அவருடைய தாயிடம் சம்மதம் கேட்டு எடுத்துவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்தில்லை. நோயாளி கண் விழிக்கும்வரை காத்திருந்திருக்கலாம். சுயநினைவோடு முடிவெடுக்கும் தகுதியுள்ள வயது வந்தவருக்குப் பதிலாகத் தாய் தந்த சம்மதம் செல்லாது என்று நீதிமன்றம் சொன்னது. மருத்துவரின் நோக்கம் நல்லது என்பதையும் நீதிபதிகள் ஏற்றுக்கொண்டார்கள். அதனால் இழப்பீடு 25,000 ரூபாய்தான். தொகை சிறியது. ஆனால் எது சம்மதம் என்பதற்கு இன்றுவரை இந்தத் தீர்ப்பைத்தான் எடுத்துக்காட்டுகிறார்கள்.

நினைவு இல்லாத நிலை வந்தால் என்ன செய்வது என்பதற்கும் வழி திறந்திருக்கிறது. 2018 மார்ச் 9 அன்று காமன் காஸ் வழக்கில், மீள வாய்ப்பில்லாத நிலையில் உயிர் நீட்டிப்புச் சிகிச்சை வேண்டாம் என்று ஒருவர் முன்கூட்டியே எழுதிவைக்கலாம் என்று உச்ச நீதிமன்றம் ஏற்றது. முதலில் விதித்த நடைமுறையில் மாஜிஸ்திரேட் கையெழுத்து தேவைப்பட்டதால் அது கிட்டத்தட்ட ஏட்டளவிலேயே நின்றது. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கினார்கள். இப்போது இரண்டு சாட்சிகள் முன்னிலையில் கையெழுத்திட்டு, நோட்டரியோ கெஜட்டட் அதிகாரியோ சான்றளித்தால் போதும். சிகிச்சையை நிறுத்த வேண்டிய கட்டம் வந்தால், சிகிச்சை தரும் மருத்துவரோடு நிபுணர்கள் சேர்ந்த ஒரு குழுவும், அதன்பின் இன்னொரு குழுவும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஒவ்வொரு குழுவும் கூடுமானவரை 48 மணி நேரத்துக்குள்.

அமெரிக்கப் புத்தகங்களில் அதிகம் பேசப்படாத இன்னொன்று பணம். ஐசியூவில் இன்னும் இரண்டு நாள் என்பது இங்கே பல வீடுகளில் நகையும் நிலமும். அதைப் பற்றி டாக்டரிடம் வாய் திறக்கக் கூச்சம். திறந்தால் அப்பாவுக்காகச் செலவு செய்ய மனமில்லை என்று நினைப்பார்களோ என்ற பயம். கேரளத்தின் எம்.ஆர்.ராஜகோபால் 2022இல் எழுதிய 'வாக் வித் த வியரி' இந்த இடத்தை நிரப்புகிறது. மயக்க மருத்துவரான அவர் 1993இல் கோழிக்கோட்டில் நண்பர்களோடு வலி தணிப்புச் சேவையைத் தொடங்கியவர், பின்னர் 2003இல் பாலியம் இந்தியா அமைப்பை நிறுவியவர். 1985ஆம் ஆண்டு போதைப்பொருள் சட்டத்தின் கெடுபிடியால் மார்ஃபின் கிடைக்காமல் நோயாளிகள் வலியில் துடித்ததையும், 2014இல் அந்தச் சட்டம் திருத்தப்படும்வரை நடந்த போராட்டத்தையும் அறிந்தவர் எழுதியது. வலியையும் வறுமையையும் சிகிச்சையின் பகுதியாகவே பார்க்கிறார். நம் வீட்டு மணம் உள்ள புத்தகம் இதுதான்.

படிக்கும் வரிசையைப் பற்றி என் கருத்து இது. சமீபத்தில் ஒருவரை இழந்தவர்கள் கவாண்டேயிலிருந்து தொடங்கலாம், தந்தையைப் பற்றிய அத்தியாயங்கள் வரும்போது நிறுத்தி நிறுத்திப் படிக்கலாம். நோயாளி பிழைத்து இன்னும் சிகிச்சையில் இருக்கும் வீடுகளுக்குக் குரூப்மன் உடனே பயன்படுவார். ராஜகோபாலை இருவரும் படிக்க வேண்டும். டாம் போஷம், ஜேம்ஸ் சில்ட்ரெஸ் இருவரும் 1979இல் எழுதி, இன்றும் மருத்துவ அறநெறிக்குப் பாடநூலாக இருக்கும் 'பிரின்சிபிள்ஸ் ஆஃப் பயோமெடிக்கல் எதிக்ஸ்' நூலையும் பலர் பரிந்துரைப்பார்கள். நோயாளியின் விருப்பத்தை மதித்தல், தீங்கு செய்யாமை, நன்மை செய்தல், நியாயமான பங்கீடு என்ற நான்கு கொள்கைகள் அதிலிருந்து பரவியவைதான். ஆனால் அது மாணவர்களுக்கானது. துக்கத்தில் இருப்பவருக்கு அது பேசாது.

புத்தகத்தோடு சேர்த்து வைத்துப் படிக்க இன்னொன்று இருக்கிறது, உங்கள் வீட்டு நோயாளியின் கேஸ் ஷீட். 2002ஆம் ஆண்டு இந்திய மருத்துவக் கவுன்சில் ஒழுங்குவிதிகளின்படி நோயாளியோ அவரால் அதிகாரம் பெற்றவரோ கேட்டால் 72 மணி நேரத்துக்குள் மருத்துவ ஆவணங்களைத் தர வேண்டும். உள்நோயாளியின் ஆவணங்களை மூன்று ஆண்டுகள் பாதுகாக்கவும் வேண்டும். எழுதிக் கேட்டு, கேட்டதற்கு ஒப்புதல் வாங்கிக்கொள்ளுங்கள். டிஸ்சார்ஜ் சம்மரி மட்டும் போதாது. தினசரிக் குறிப்புகளும் நர்ஸ் குறிப்புகளும் சம்மதப் படிவங்களும் சேர்ந்ததுதான் முழு ஆவணம். அதை அந்தச் சிகிச்சையில் சம்பந்தப்படாத, நம்பிக்கையான ஒரு மருத்துவரிடம் கொண்டுபோங்கள். யார் தப்பு என்று ஆரம்பித்தால் அவர் வாய் மூடிக்கொள்வார். எந்தெந்த நாளில் இரண்டு வழிகள் இருந்தன, ஒவ்வொன்றிலும் என்ன எதிர்பார்த்திருக்கலாம் என்று கேட்டால் தேதி தேதியாக விளக்குவார். சில தேதிகளில் வேறு வழியே இருந்திருக்காது. அதைத் தெரிந்துகொள்வது பெரிய விடுதலை. சில தேதிகளில் இருந்திருக்கும். அந்த நாளில் நோயாளி பேசும் நிலையில் இருந்தாரா, அவரிடம் யாராவது கேட்டார்களா என்பதற்கான பதில் கேஸ் ஷீட்டில் இருக்காது. அது குடும்பத்தாருக்குத்தான் தெரியும். அந்த வீட்டில் இன்னும் வயதானவர்கள் இருப்பார்கள், அவர்களிடம் கேட்க இன்னும் நேரம் இருக்கிறது.